ஹேசாப் ஆய்வறிக்கை: சயனைடு கழிவுநீர் சுத்திகரிப்பு, முலாம் பூசும் பிரிவு, பிறை, பினாங்கு

எல்லை: முலாம் தொட்டிகளிலிருந்து வரும் சயனைடு நீரை 2 கன மீட்டர் வினைத்தொட்டியில் pH 10-க்கு மேல் வைத்து, 12% சோடியம் ஹைப்போகுளோரைட் சேர்த்துச் சயனேட்டாக்குகிறோம். அப்புறம் கந்தக அமிலம் விட்டு pH-ஐ 8.5-க்கு இறக்கி இரண்டாம் கட்டம். வெளியேறும் நீரில் சயனைடு 0.1 மி.கி./லிட்டரைத் தாண்டக் கூடாது (2009 தொழிற்கழிவுநீர் ஒழுங்குமுறைகள், பி தரம்). மின்சாரப் பலகை இந்த ஆய்வில் இல்லை.

கணு 1: லாரியிலிருந்து ரசாயனம் இறக்குதல்

வழிகாட்டுச் சொல்: வேறாக. விலகல்: ஹைப்போ டேங்குக்குள் அமிலம். கூட்டத்தில் பாதி நேரம் இதற்கே போனது, தகும். இரண்டு டேங்கின் கப்ளிங்கும் 2 அங்குலம், ஒரே மாதிரி, இடைவெளி ஒரு கை அகலம். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துவிட்டது. இரவு ஷிப்ட் ஆபரேட்டர் சொன்னது: "லாரிக்காரர் நீட்டுற ஹோஸை வாங்கி, கை போன இடத்துல மாட்டிடுவோம் சார்." விளைவு: சட்டென்று குளோரின் வாயு, இறக்குமிடத்தில் நிற்பவருக்கு உயிராபத்து. 2016-இல் அமெரிக்காவின் ஏட்சிசன் நகரில் இதே கலப்பு நடந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி தேடினர். இப்போதுள்ள பாதுகாப்பு: பலகை மட்டும். இடர்: உயர்.
செயல் 1: அமில கப்ளிங்கை வேறு அளவுக்கு மாற்றி, இரண்டுக்கும் பூட்டு, சாவி சூப்பர்வைசரிடம். பராமரிப்புப் பிரிவு, 30 நாள்.

வழிகாட்டுச் சொல்: அதிகம். விலகல்: குழாயில் அழுத்தம். ஹைப்போ தானாகச் சிதைந்து ஆக்சிஜன் விடும். நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. இரண்டு வால்வுகளுக்கு நடுவே சிக்கினால் குழாய் வெடிக்கும். இடர்: நடுத்தரம்.
செயல் 2: துளையிட்ட பந்து வால்வு பொருத்துதல். பராமரிப்பு, 60 நாள்.

கணு 2: வினைத்தொட்டி

வழிகாட்டுச் சொல்: குறைவு. விலகல்: முதல் கட்டத்தில் pH 10-க்குக் கீழே. காரணம்: காஸ்டிக் பம்பு நிற்பது, அமில வால்வு கசிவது, மின்முனையில் கசடு படிந்து தவறாக உயர்ந்த அளவைக் காட்டுவது. விளைவு: சயனோஜன் குளோரைடு (CNCl) சிதையாமல் வாயுவாகத் தங்கும், pH இன்னும் இறங்கினால் HCN. இப்போது அலாரமும் கட்டுப்பாடும் ஒரே மின்முனையை நம்பியிருக்கின்றன. எனவே அந்த அலாரத்தைப் பாதுகாப்பாகக் கணக்கில் எடுக்கவில்லை. இடர்: உயர்.
செயல் 3: தனி மின்முனை, முதல் கட்டத்தில் pH 10-க்குக் கீழே போனால் ஹைப்போ, அமிலப் பம்புகள் தாமாக நிற்க வேண்டும். கருவிப் பிரிவு, 45 நாள்.
செயல் 4: HCN, குளோரின் உணரிகள், அளவு கதவுக்கு வெளியே தெரிய வேண்டும். பாதுகாப்பு அதிகாரி, 45 நாள்.

வழிகாட்டுச் சொல்: இல்லை. விலகல்: ஹைப்போ ஓட்டம் இல்லை. பம்பில் வாயு அடைப்பு. சயனைடு அப்படியே நிற்கும், ஆனால் ஆய்வகச் சோதனை முடியாமல் வடிகால் திறப்பதில்லை. போதும், செயல் தேவையில்லை.

எதிர்த்திசை: தடுப்பு வால்வு உண்டு. ஆண்டுப் பராமரிப்பில் கழற்றிப் பார்த்தால் சரி.

இடைக்கால ஏற்பாடு: செயல் 1 முடியும்வரை இரவில் லாரி இறக்குவதில்லை. பகலில் இறக்கும்போது சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க வேண்டும்.