வாரத்துக்கு 998 நிமிடம்

"நான்தான் தினமும் குப்பை போடுறேனே!" என்றான் அண்ணன். "நான் தண்ணி புடிக்கிறேன்" என்றாள் கயல். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். அம்மா ஒன்றும் சொல்லாமல் குக்கரின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இதேதான்.

பத்தாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் கயல் ஒரு அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். கிழமைக்கு ஒருவர், ஆளுக்கு இரண்டு வேலை. ஒன்பதாவது நாளே கிழிந்தது. அந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். முதல் வாரம் திங்களன்று வந்தால் அடுத்த வாரம் செவ்வாய். திங்கள்காரனான அண்ணன் தப்பித்துவிட்டான். அதோடு குப்பையும் ஒரு வேலை, பாத்திரமும் ஒரு வேலை என்று எழுதியதுதான் பெரிய தப்பு.

அடுத்த ஏழு நாளும் செல்போனில் நேரம் பார்த்துக் குறித்தாள். காலைப் பாத்திரம் 25 நிமிடம், இரவு 35. பெருக்கித் துடைக்க 30. குப்பை 4. துணி காயப்போட்டு மடிக்க 25, வாரம் நான்கு முறை. பன்னிரண்டு குடம் தண்ணீர் 40. மாவாட்டி கிரைண்டர் கழுவ 50, வாரம் இரண்டு முறை. தண்ணீருக்கு வாரம் மூன்றரை நாள் என்று வைத்துக் கூட்டினால், சமையல் இல்லாமலே 998 நிமிடம். அதில் அம்மா 830, கயல் 140, அண்ணன் 28, அப்பா 0.

அந்தத் தாளை அப்பா கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். டிவியை அணைத்தார்.

"சமையலும் மாவும் அம்மாவுக்கு. மத்தது மூணு கட்டு" என்றாள் கயல். "இரவுப் பாத்திரமும் குப்பையும் ஒண்ணு. பெருக்குறதும் துணியும் ஒண்ணு. காலைப் பாத்திரமும் தண்ணியும் ஒண்ணு. எது எடுத்தாலும் ஒரு நாளைக்குச் சராசரியா 40 நிமிஷம், கொஞ்சம் முன்னப்பின்ன. ஞாயித்துக்கிழமை ராத்திரி மாத்திக்கலாம்."

"தண்ணி ஒரு வாரம் நாலு நாள் வரும், ஒரு வாரம் மூணு நாள்தானே?" அண்ணன் விடவில்லை.

"ஆறு வாரத்துல எல்லாருக்கும் ஏழு நாள் வந்துரும். எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தான். சரியாகத்தான் வந்தது.

இரண்டாம் வாரம் ஒரு சிக்கல். இரவு ஊறப்போட்ட இட்லிச் சட்டி அப்படியே கிடந்து, காலைக்காரர் தலையில் விழுந்தது. கயல் தாளின் அடியில் மூன்று வரி சேர்த்தாள்: சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவணும். ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரத் தொட்டி காலியா இருக்கணும். பரீட்சை என்றால் முறையை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முந்தின நாளே தாளில் எழுதணும்.

நான்காம் வாரம், விடியற்காலை ஐந்து மணி. குழாய் உறுமியது. அம்மா பழக்கத்தில் எழுந்து வாசலுக்கு வந்தாள். எட்டாவது குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார் அப்பா.

"நீ போய்ப் படு. தாள்ல என் பேர்தான் இருக்கு."

அம்மா படுக்கப் போகவில்லை. படியில் உட்கார்ந்து, குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.