வெசனப்படாதீங்க, பொள்ளாச்சிக்காரரே

புதன்கிழமை ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு நீங்கள் அனுப்பியதை அப்போதே படித்துவிட்டேன். நீல டிக் விழுந்தும் மூன்று நாளாகப் பதில் இல்லையே என்று அந்தப் பக்கம் என்னென்ன நினைத்தீர்களோ தெரியாது, கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை விடியக்காலம் காந்திபுரத்தில் பஸ் பிடித்து கோபிக்குப் போய்விட்டேன். மாமா பேத்திக்குக் காதுகுத்து, வீடு நிறைய ஒறம்பரை, அந்தச் சத்தத்தில் போனை எடுத்து நாலு வரி தட்டினால் போதும், அமுச்சி எட்டிப் பார்த்து "யாருக்கு அம்மணி இத்தன பெரிய கடுதாசி?" என்று கேட்டிருக்கும். இன்றைக்குத்தான் ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். குளித்துவிட்டு ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்திருக்கிறேன், ரூம்மேட் ஊரில் இல்லை, எழுத இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

நட்பு மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறீர்கள். சரிங்க.

இந்தச் சரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெண்கள் சரி என்று சொன்னால் சரியில்லை என்று அர்த்தம் என உங்கள் சித்தப்பா ஒரு தடவை தத்துவம் பேசினாரே, அந்தச் சரி இல்லை இது. கடையில் விலை கேட்டோம், கட்டாது என்றார்கள், சரிங்க என்று பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தோம் என்றால் ஒரு சரி வருமே, அது. கொஞ்சம் வருத்தம் இருக்கும், ஆனால் கடைக்காரரோடு சண்டை இருக்காது.

வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். புதன்கிழமை ராத்திரி தூக்கம் வரவில்லை. காதுகுத்து வீட்டில் அரிசியும் பருப்பும் போட்டு நெய் ஊற்றி வைத்தார்கள், இரண்டாம் தடவை கேட்டு வாங்காமல் எழுந்துவிட்டேன், அதைப் பார்த்துத்தான் அம்மாவுக்குச் சந்தேகமே வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கச்சாயம் நாலு உள்ளே போய்விட்டது, அதனால் என் உடல்நிலை பற்றிக் கவலை வேண்டாம்.

முதலில் நன்றி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வேண்டாம் என்று சொல்வதற்கு எத்தனை சாக்கு கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஜாதகம் சேரவில்லை, ஒரே கூட்டமாகப் போய்விட்டது, தங்கச்சிக்கு முடித்துவிட்டுத்தான் எனக்கு, தோப்பில் இந்த வருசம் வெள்ளை ஈ அடித்துவிட்டது, இப்படி எதையாவது எடுத்து முன்னால் வைத்திருக்கலாம். நானும் அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு, தங்கச்சி கல்யாணம் எப்போது, தோப்பு எப்போது தேறும் என்று ரெண்டு வருசம் காத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் "எனக்கு உங்கள் மேல் அந்த எண்ணம் வரவில்லை" என்று நேராக எழுதினீர்கள். படிக்கிற நிமிசத்தில் சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் நீங்கள் எனக்குச் செய்ததிலேயே பெரிய மரியாதை அதுதான். தங்கச்சி மாதிரி என்று எழுதாமல் விட்டதற்குத் தனியாக ஒரு நன்றி. அப்படி மட்டும் எழுதியிருந்தால் உங்கள் பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்திருக்கவே மாட்டேன்.

ஆனால் மூன்றாம் பத்தி பிடிக்கவில்லை. "உங்களுக்கு என்னைவிட நல்லவர் கிடைப்பார்" என்று இருக்கிறதே, அது. யாருங்க கேட்டது? நான் நல்லவர் வேண்டும் என்று விண்ணப்பம் போடவில்லை. உங்களைப் பிடித்திருந்தது, சொன்னேன், அவ்வளவுதான். அதற்குள் நீங்களே உங்களைக் கீழே இறக்கி, என்னை மேலே ஏற்றி, நடுவில் முகம் தெரியாத ஒருத்தரைக் கொண்டுவந்து நிறுத்தி, எதற்கு இத்தனை சிரமம்? நீங்கள் மோசமானவராக இருந்தால்தான் எனக்கு ஆறுதல் வரும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல. எனக்கு அப்படி வராது. நீங்கள் நல்ல மனிதர்தான், எனக்கு இல்லை, ரெண்டும் உண்மை. அந்தப் பத்தியை அழித்ததாக நினைத்துக்கொள்கிறேன்.

"நான் ஏதாவது தப்பாக நடந்து நம்பிக்கை கொடுத்துவிட்டேனா" என்றும் கேட்டிருந்தீர்கள். கேட்டதால் சொல்கிறேன், கணக்குப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தப்பு என்று ஒன்றுமில்லை. ஆனால் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏற வேண்டிய ஆள், சிங்காநல்லூரிலிருந்து வேறு வழியில் காந்திபுரம் வரைக்கும் கூட வந்து, என்னைக் கோபி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அப்புறம் திரும்பி உக்கடம் போனால், அதுவும் ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, நான் ஊருக்குப் போகிற ஒவ்வொரு ஞாயிறும் போனால், கோபிக்காரி என்னதான் நினைப்பாள்? ராத்திரி பத்தரைக்கு "தூங்கிட்டீங்களா" என்று வரும். தூங்கிக்கொண்டிருந்தாலும் இல்லை என்று பதில் போடுவேன். நீங்கள் எல்லோரிடமும் அப்படித்தான் என்று இப்போது புரிகிறது, நம் பறவை பார்க்கிற குழுவில் இருக்கிற ரிட்டயர்டு வாத்தியாரையும் ஒரு தடவை வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தீர்கள். அவர் உங்களைத் தப்பாக நினைக்கவில்லை. நான் நினைத்துவிட்டேன். நீங்கள் எதுவும் சொல்லாமலே நானாகப் படித்துக்கொண்டதில் என் பங்கு முக்கால், உங்கள் பங்கு கால், இத்தோடு கணக்கை முடித்துக்கொள்வோம்.

அன்றைக்கு ஏரிக்கரையில் நான் சொல்லி முடித்ததும் நீங்கள் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு "அங்க பாருங்க, முக்குளிப்பான்" என்றீர்களே, அதை நினைத்து காதுகுத்து மண்டபத்தில் தனியாகச் சிரித்தேன். ஆள் நடமாட்டம் தெரிந்ததும் டபக்கென்று தண்ணிக்குள் போய் வேறு எங்கேயோ தலையைத் தூக்குமே அந்தப் பறவை, அதையே அந்த நேரத்தில் காட்டினீர்கள் பாருங்கள், கோயமுத்தூர்க் குசும்பு என்று சொல்லலாம் என்றால் நீங்கள் அதைக் குசும்பாகக்கூடச் செய்யவில்லை, நிஜமாகவே பயந்துபோய்ச் செய்தீர்கள். மூன்று நாள் கழித்து புதன்கிழமைதான் தலை வெளியே வந்தது.

சரி, இனிமேல் எப்படி என்பதைச் சொல்கிறேன். நட்புக்குச் சம்மதம். ஆனால் அடுத்த நிமிசமே ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நிற்க என்னால் முடியாது, அப்படி நடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வருகிற மூன்று ஞாயிறும் சிங்காநல்லூருக்கு வரமாட்டேன். கோபியில் தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் நெல்வயலில் அரிவாள் மூக்கனும் கொக்கும் போதுமான அளவு இருக்கின்றன, அங்கே எண்ணி eBird-ல் என் கணக்கிலேயே போட்டுவிடுகிறேன். குழுவில் கேட்டால் ஊரில் வேலை என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை, மஞ்சள் வெட்டு நடக்கிறது. நான் சொன்னதும் நீங்கள் சொன்னதும் நம் ரெண்டு பேருக்குள் இருக்கட்டும். வாத்தியாருக்குத் தெரிந்தால் சமாதானப் பேச்சுக்கு வந்துவிடுவார்.

அடுத்த மாதம் வால்பாறைக்கு வருகிறேன். காசு கட்டியாகிவிட்டது, அதோடு இருவாச்சியை நான் இன்னும் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை, உங்களுக்காக அதை விட முடியாது. வேனில் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் உங்களைத் தவிர்க்கிறேன் என்று நினைத்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரவேண்டாம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு, பின்னால் உட்கார்ந்தால் ஒன்பதாவதிலேயே வாந்தி எடுப்பேன்.

அங்கே பார்க்கும்போது சாதாரணமாக இருங்கள். என்னைப் பச்சை உடம்புக்காரி மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டாம், கிண்டல் பண்ண வேண்டிய இடத்தில் பண்ணலாம், நானும் பண்ணுவேன். ஆனால் "என் ஃப்ரெண்டு ஒருத்தன் பெங்களூரில் இருக்கான், நல்ல பையன்" என்று மட்டும் எப்போதுமே ஆரம்பிக்காதீர்கள். அந்த வேலைக்கு எங்கள் வீட்டில் மூன்று பெரியம்மாக்கள் முழுநேரமாக இருக்கிறார்கள். "தூங்கிட்டீங்களா" இனி வேண்டாம். நெஜமாக ஏதாவது அவசரம் என்றால் போன் பண்ணுங்கள், எந்த நேரமாக இருந்தாலும் எடுப்பேன். காந்திபுரம் வரைக்கும் வருவதும் வேண்டாம், சிங்காநல்லூரிலேயே டாட்டா சொல்லிவிடலாம்.

உங்களுக்கு நாளைக்கு யாரையாவது பிடித்தால் மறைத்து வைக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறபோதே எனக்கும் சொல்லுங்கள். முதல் ஆளாகச் சொல்ல வேண்டும் என்று அவ்வளவு பெருந்தன்மையெல்லாம் எனக்கு இன்னும் வரவில்லை.

அப்புறம் உங்கள் அம்மா. அவர் எனக்குப் போன் பண்ணுவதும், கண்ணு சாப்பிட்டாச்சா என்று கேட்பதும், செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் கொடுத்துவிடுவதும் உங்கள் மூலமாக வந்த பழக்கம்தான், ஆனால் இப்போது அது எங்களுக்குள் உள்ள விசயம். அதில் நீங்கள் தலையிட்டு எண்ணெயை நிறுத்தினால்தான் நிஜமாகவே வெசனப்படுவேன். போன தடவை வந்த டப்பாவைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். வெறும் டப்பாவாகக் கொடுக்கக் கூடாது என்று அம்மா அதில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை நிரப்பி அனுப்பியிருக்கிறார், உங்கள் அம்மாவிடம் சேர்த்துவிடுங்கள், வழியில் கை வைக்காதீர்கள்.

டப்பாவையும் உங்கள் 8×42 பைனாகுலரையும் ஒரே மஞ்சப்பையில் போட்டு ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். திங்கள் முதல் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், பொள்ளாச்சிக்காரர் வருவார் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். இடது கண் பக்கத்து மூடி ஏரிக்கரையில் விழுந்துவிட்டது, அது என் தப்பு, புதிதாக வாங்கித் தருகிறேன்.

இதற்குப் பெரிய பதில் எதுவும் எழுத வேண்டாம். நாளைக்கு ஏரியில் எத்தனை நாமக்கோழி என்று மட்டும் அனுப்புங்கள்.

– கோபிக்காரி