குவைத்திலிருந்து அனுப்பிய பிரீமியத்தை 27.1.2026க்குள் வரவு வைக்கக் கோரும் கடிதம்

ஃபர்வானியா, குவைத்
14.1.2026

கிளை மேலாளர் அவர்களுக்கு,
ஆயுள் காப்பீட்டுக் கிளை அலுவலகம், காரைக்குடி.

பொருள்: பாலிசி எண் 740318265, ஆண்டுத் தவணை 28.12.2025

ஐயா,

மேற்கண்ட பாலிசியை 28.12.2014 அன்று உங்கள் கிளையில் எடுத்தேன். இதுவரை பதினோரு தவணைகளைத் தவறாமல் கட்டியிருக்கிறேன். இது பன்னிரண்டாவது. சலுகைக் காலம் முப்பது நாள். வருகிற 27ஆம் தேதி செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது.

உங்கள் அறிவிப்பின்படி கட்ட வேண்டியது ரூ.48,620. கடந்த செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் வரி சேர்க்கப்படவில்லை. நேற்று (13.1.2026) இங்குள்ள என் வங்கியிலிருந்து, வெளிநாட்டுப் பணம் பெறுவதற்காக நீங்கள் டிசம்பர் 3ஆம் தேதி மின்னஞ்சலில் தெரிவித்த கணக்குக்கு ரூ.49,200 அனுப்பிவிட்டேன். குறிப்புப் பகுதியில் பாலிசி எண்ணும் தவணைத் தேதியும் இருக்கின்றன. கட்டண வகையில் OUR என்று குறித்து, எல்லா வங்கிச் செலவையும் நானே ஏற்றிருக்கிறேன்.

ரூ.580 கூடுதலாக அனுப்பியதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு ரூ.49,714 சரியாகக் கணக்கிட்டு அனுப்பினேன். வழியில் ஓர் இடைநிலை வங்கி தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டதால் ரூ.412 குறைந்து வந்து சேர்ந்தது. தொகை பொருந்தாததால் பணம் சஸ்பென்ஸ் கணக்கில் கிடந்தது, ரசீது போடப்படவில்லை. எனக்கு அது தெரிந்தபோது இருபத்தொன்பதாம் நாள். மறுநாள் காலை, எழுபத்தொரு வயதான என் தாயார் கல்லலிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்த நானூற்றுப் பன்னிரண்டு ரூபாயை உங்கள் கவுன்டரில் கட்டினார். ரசீதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வீடு திரும்பிய பிறகுதான் எனக்குத் தொலைபேசியில் பேசினார். இந்த ஆண்டு அவரால் பஸ் ஏற முடியாது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இணையத்தில் கட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் என்ஆர்இ கணக்கோடு இணைத்த இந்திய சிம் ரீசார்ஜ் செய்யாமல் செயலிழந்துவிட்டது. ஓடிபி வருவதில்லை, ஊருக்கு வந்தால்தான் எண்ணை மாற்ற முடியும். உறவினர் யாரையாவது ரொக்கமாகக் கட்டச் சொல்வதும் எனக்கு ஏற்றதன்று. பிரீமியம் வெளிநாட்டுப் பணமாக வந்ததற்கான பதிவு இருந்தால்தான் முதிர்வுத் தொகையை அதே விகிதத்தில் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக இயலும்.

இனி நாட்கணக்கு. நாளை முதல் ஞாயிறு வரை அங்கே பொங்கல் விடுமுறை. 24 நான்காம் சனி, 25 ஞாயிறு, 26 குடியரசு தினம். இங்கே வெள்ளியும் சனியும் வங்கி இல்லை. ஆக, 19 முதல் 23 வரையுள்ள ஐந்து நாட்களும் 27ஆம் தேதியும்தான் கையில் இருக்கின்றன. அதிலும் 22ஆம் தேதிக்குப் பிறகு என்னால் இங்கிருந்து எதையும் சரிசெய்ய முடியாது.

ஆகவே 19ஆம் தேதி திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும், இந்தத் தொகை வந்திருக்கிறதா என்று பார்த்துப் பாலிசியில் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பணம் வராமலோ குறைந்தோ இருந்தால் சஸ்பென்ஸில் போட்டுவிட்டுக் காத்திருக்காமல், அன்றைக்கே எனக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். குறைகிற தொகை எதுவானாலும், காரைக்குடியிலேயே இருக்கும் என் தங்கையின் கணவர் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து கட்டிவிடுவார். மீதி இருந்தால் அடுத்த தவணைக்கு வைப்பில் வைத்துக்கொள்ளலாம். ரசீதின் நகலைப் பதிவிலுள்ள என் மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டுகிறேன்.

இவ்வளவு வற்புறுத்தி எழுதுவதற்கான காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாலிசி எடுத்தபோது எனக்கு எந்த நோயும் இல்லை. 2021 முதல் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தவணை தவறினால் பாலிசி பெயிட்-அப் நிலைக்குப் போய்க் காப்புத் தொகை சுருங்கிவிடும். புதுப்பிக்க வேண்டுமென்றால் புதிதாக உடல்நல உறுதிமொழி கொடுக்க வேண்டி வரலாம். மருத்துவப் பரிசோதனையும் கேட்கக்கூடும். காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவின்படி பாலிசியைக் கேள்விக்குள்ளாக்கக்கூடிய மூன்றாண்டுக் கணக்கும் புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும். என் மனைவியும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் நம்பியிருக்கும் பாலிசி இது. பதினோரு ஆண்டுகள் கட்டிய பிறகு, வழியில் கழிந்த சில நூறு ரூபாய்க்காக அதை இழக்க என்னால் முடியாது.

இந்தக் கடிதம் கிடைத்ததற்கு ஒரு வரி பதில் அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. முத்துராமன்

இணைப்பு: பணம் அனுப்பியதற்கான SWIFT நகல், தவணை அறிவிப்பு, சென்ற ஆண்டின் இரு ரசீதுகள்