அரையாண்டுத் தேர்வு முடிவுகளுக்குப் பின் தலைமையாசிரியர் பேசியது

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, மதிப்பெண்கள் நன்றாக இல்லை. பூசி மெழுக விரும்பவில்லை. கணிதத்தில் உங்களில் பாதிப் பேர் தேறவில்லை. விடைத்தாள்களை நானே புரட்டிப் பார்த்தேன். தெரியாமல் விட்டதைவிட, கேள்வியை அரைகுறையாகப் படித்து இழந்த மதிப்பெண்தான் அதிகம். பலர் கடைசிக் கேள்விகளைத் தொடவே இல்லை, நேரம் போதவில்லை. இரண்டுமே பழகினால் சரியாகிவிடும். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை.

திங்கள் முதல் மாலையில் ஒரு மணி நேரம் கணித வகுப்பு. விடைத்தாளோடு வாருங்கள், தப்பாகப் போட்ட கணக்கை அங்கேயே மறுபடி போடலாம். புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பவரைப் பார்த்து யாராவது சிரித்தால், அவரை நான் கவனித்துக்கொள்கிறேன். அப்புறம், வீட்டில் மதிப்பெண்ணை மறைக்காதீர்கள். சொல்லப் பயமாக இருந்தால் என்னிடம் வாருங்கள், பெற்றோரிடம் நானே பேசுகிறேன். சரி, வகுப்புக்குப் போங்கள்.