காலையில் தோற்றால் பிரிக்க வேண்டிய தாள்

நாளைக்குச் செஸ் போட்டியில் இரண்டு ரவுண்ட். காலை 9.30, மதியம் 3 மணி. காலையில் ஜெயித்துவிட்டால் இது சாப்பாட்டுப் பையிலேயே கிடக்கட்டும். தோற்றால் மட்டும் பிரி. முழுசாகப் படிக்க வேண்டும் என்றில்லை, கண்ணில் படுகிற வரி போதும்.

கை கொடு, கையெழுத்துப் போடு, காய்களை அடுக்கிவிட்டு எழுந்து வா.

அழுகை வந்தால் அழுதுவிடு. அடக்கி வைத்த அழுகை மதிய ஆட்டத்தின் நடுவில்தான் வந்து நிற்கும்.

"எங்கே விட்டே?" என்று வாசலிலேயே கேட்பார்கள். அப்பாவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: "சாயங்காலம் சொல்றேன்ப்பா, பசிக்குது."

அந்தக் குதிரையை வெட்டாமல் இருந்திருந்தால், அந்தச் சிப்பாயைத் தள்ளாமல் இருந்திருந்தால் என்று மனசு ஆரம்பிக்கும். ஸ்கோர்ஷீட்டில் அந்த நகர்த்தலுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, மடித்துப் பையின் அடியில் வை. ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். அதுவரை அந்த ஆட்டம் எங்கேயும் ஓடிப்போகாது.

போனில் அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்க்காதே. எங்கே ஜெயித்திருக்கலாம் என்று தெரிந்துவிட்டால் சோறு இறங்காது.

தயிர்சாதம் போதும். பிரியாணி ஜெயித்த அன்றைக்கு.

தோற்றவன் தூங்க மாட்டான், ஆனால் நடக்கலாம். மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வா. கால் நடக்க நடக்கத் தலையில் ஏறிய சூடு இறங்கும்.

உன்னைத் தோற்கடித்தவர் வேறு மேசைக்குப் போய்விட்டார். மதியம் எதிரில் உட்காருபவர் உனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர். அவரிடம் பழி தீர்க்கக் கிளம்பினால் இரண்டாவது ஆட்டமும் காலையில் ஜெயித்தவருக்கே போன மாதிரி.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பார். சுவிஸ் முறையில் பெரும்பாலும் உன் அளவு புள்ளி உள்ளவரோடுதான் ஜோடி விழும். அவரும் காலையில் அடி வாங்கியவராக இருக்கலாம். அவருக்கும் இதே வயிற்றுக் கலக்கம்தான். இரண்டு பேரில் யார் முதலில் போர்டுக்குத் திரும்பி வருகிறாரோ, அவருக்கு முதல் அரைமணி நேரம் சொந்தம்.

ரேட்டிங் கணக்கை நடைபாதையில் போடாதே. உன் வயதில் உனக்குச் சமமானவரிடம் தோற்றால் 20 புள்ளி போகும், ஜெயித்தால் அதே 20 வரும். போனதும் வருவதும் ஒரே கதவு வழியாகத்தான்.

குகேஷ் 2024 ஏப்ரலில் டொராண்டோவில், உலகப் பட்டத்துக்கு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ஆடியபோது ஏழாவது ரவுண்டில் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்றார். 14 ரவுண்ட் முடிந்தபோது 9 புள்ளியோடு முதலிடம். அதே வருஷம் நவம்பரில், சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டமே தோல்வி, அதுவும் வெள்ளைக் காயில். மூன்றாவது ஆட்டத்தை ஜெயித்துக் கணக்கைச் சமன் செய்தார். பதினொன்றாவதை ஜெயித்து முந்தினார், பன்னிரண்டாவதைத் தோற்று மறுபடி சமன். பதினான்காவதில், கறுப்புக் காயில், பட்டம். அந்த வரிசையை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார். தோல்விகளைத் தாண்டி அடுத்த ஆட்டத்துக்கு முழுசாக வந்து உட்கார்ந்தவர் அவர். உன்னிடமும் நான் அதைத்தான் கேட்கிறேன். புள்ளியைக் கேட்கவில்லை.

ஓப்பனிங்கை மாற்றாதே. காலையில் தோற்றது நீ விட்ட ஒரு நகர்த்தலால். மாசக்கணக்கில் பழகியதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தூக்கிப்போடக் கூடாது.

அவசரமாக ஜெயிக்கப் பார்க்கிறவன் அவசரமாகத் தோற்பான். டிரா வந்தாலும் அரைப் புள்ளி, அது கௌரவமான புள்ளி.

ஆட்டத்தின் நடுவில் காலை ஆட்டம் ஞாபகம் வரும், வரத்தான் செய்யும். அப்போது ஒரே கேள்வி: இவர் இப்போது ஏன் இதை ஆடினார்? பதில் தேடுகிற மனசுக்குப் பழைய கதைக்கு இடம் இருக்காது.

கை காயை நோக்கிப் போனால் தொடைக்குக் கீழே வை. தொட்ட காயை ஆடித்தான் ஆக வேண்டும், நினைத்த காயை இல்லை.

2.45க்கு யாரோடு யார் ஆடுவது என்ற பேரிங் பட்டியலை ஒட்டுவார்கள். போர்டு எண், வெள்ளையா கறுப்பா, இந்த இரண்டை மட்டும் பார். எதிராளியின் ரேட்டிங் வேண்டாம். பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொள், பாத்ரூம் போய்விட்டு வா. உட்கார்ந்ததும் புதுத் தாளில் ரவுண்ட், தேதி, இரண்டு பெயர்கள் எல்லாவற்றையும் நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுது. அப்புறம் காய்களை ஒவ்வொன்றாகக் கட்டத்தின் நடுவில் சரிசெய். அதற்குள் ஆர்பிட்டர் கடிகாரத்தைப் போடச் சொல்லியிருப்பார்.