இருபது நிமிடம், மூன்று நேரம்: எண் மட்டும் போதும்

பெறுநர்: தலைமை இதய அறுவை மருத்துவர்
நகல்: அவருடைய செயலாளர்
நாள்: 21 அக்டோபர் 2026, புதன், காலை 6:05
பொருள்: 20 நிமிடம் வேண்டும். 1, 2, 3 இவற்றில் ஓர் எண்ணை மட்டும் அனுப்புங்கள்

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம்.

இதய அறுவை முடிந்து வீடு திரும்புவோருக்கான நம் கையேட்டின் இரண்டாம் பதிப்பு நவம்பர் 6ஆம் தேதி அச்சுக்குப் போகிறது. மூன்று இடங்களில் உங்கள் தீர்ப்பு வேண்டும். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

1. அக்டோபர் 27, செவ்வாய். லண்டன் நேரம் பகல் 1:00 (இந்திய நேரம் மாலை 6:30). மாநாட்டின் மதிய இடைவேளையில், தொலைபேசியில்.

2. அக்டோபர் 30, வெள்ளி. காலை 7:10. நீங்கள் மருத்துவமனைக்குக் காரில் வரும்போது, தொலைபேசியில்.

3. அக்டோபர் 31, சனி. மாலை 5:00. புறநோயாளிகளைப் பார்த்து முடித்ததும், உங்கள் அறையில், நேரில்.

எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். மூன்றும் ஒத்துவராது என்றால் 0 என்று அனுப்புங்கள்; வேறு நேரத்தைச் செயலாளர் ஐயாவிடம் நானே கேட்டுக்கொள்கிறேன். எந்த எண்ணானாலும் நான்தான் அழைப்பேன், அல்லது நான்தான் வருவேன். நீங்கள் எதையும் கையோடு எடுத்து வர வேண்டாம்.

என்னைக் கேட்டால் 2 நல்லது. ஊர் திரும்பி ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு வருகிறது. அச்சுக்கு முன் திருத்த எங்களுக்கும் ஒரு வாரம் கிடைக்கும்.

மூன்று நேரங்களையும் சனிக்கிழமை (24ஆம் தேதி) இரவு வரை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கையேட்டின் பதிப்பாசிரியர்

(இதற்குக் கீழே இருப்பதை இப்போது படிக்க வேண்டியதில்லை. முடிவு தேவைப்படும் மூன்று இடங்கள்: பக்கம் 18, எடை தூக்குவது, பக்கம் 23, வண்டி ஓட்டுவது, பக்கம் 41, இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையும் கீரையும்.)

---

பெறுநர்: செயலாளர்
நாள்: 21 அக்டோபர் 2026, புதன், காலை 6:20
பொருள்: டாக்டர் அம்மாவுக்கு அனுப்பியது பற்றி, ஒரு திருத்தமும்

ஐயா, வணக்கம்.

சற்று முன் டாக்டர் அம்மாவுக்கு அனுப்பிய மின்னஞ்சலின் நகல் உங்களுக்கும் வந்திருக்கும். நேற்று நீங்கள் பத்து நிமிடம் ஒதுக்கி அவருடைய வாரத்தைச் சொன்னதால்தான் அதை இவ்வளவு சுருக்கமாக எழுத முடிந்தது. திங்களும் புதனும் காலையில் அறுவை அரங்கு, அந்த நாள்களைத் தொடவே கூடாது என்று நீங்கள் சொல்லியிராவிட்டால் நான் புதன்கிழமையைத்தான் முதலில் போட்டிருப்பேன்.

ஒரு தவற்றைச் சரிசெய்திருக்கிறேன். லண்டனில் இருக்கும்போது பேசுவதானால் நம் நேரம் மாலை 5:30 என்று நேற்று உங்களிடம் சொன்னேன். இன்றைய கணக்குக்கு அது சரி. இப்போது நாம் அவர்களைவிட நான்கரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆனால் வரும் ஞாயிறு, 25ஆம் தேதி அதிகாலையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு வித்தியாசம் ஐந்தரை மணி. செவ்வாயன்று நான் 5:30க்கு அழைத்திருந்தால் அங்கே பகல் 12 மணி; அமர்வு நடக்கும்போது அவருடைய கைப்பேசி ஒலித்திருக்கும். அதனால் 6:30 என்று மாற்றிவிட்டேன். உங்கள் நாட்காட்டியில் 5:30 என்று குறித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

மூன்று நேரத்தையும் “தற்காலிகம்” என்று குறித்து வையுங்கள். அவர் ஓர் எண்ணைச் சொன்னதும் மற்றவற்றை எடுத்துவிடலாம். ஆனால் அவர் 2ஐத் தேர்ந்தெடுத்தால், சனிக்கிழமை மாலை 5:00ஐ மட்டும் வெள்ளி காலை வரை விட்டுவைக்க முடியுமா? அவசர அறுவை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வேறு யாராவது அந்த நேரத்தைக் கேட்டால் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். நோயாளிக்கு முன்னால் என் கையேடு நிற்கக் கூடாது.

இன்னொன்று. “பதில் வராவிட்டால் 2 உறுதி என்று எடுத்துக்கொள்கிறேன்” என ஒரு வரி சேர்க்கச் சொன்னீர்கள். எழுதிப் பார்த்தேன், பிறகு எடுத்துவிட்டேன். விமானத்தில் இருந்ததால் பதில் போடாத ஒருவர், தான் ஒப்புக்கொள்ளாத சந்திப்பைத் தன் நாட்காட்டியில் பார்த்தால் எரிச்சல்தான் வரும். சனிக்கிழமை வரை பொறுத்திருந்து, ஒரு வரியில் நினைவூட்டுகிறேன். அதற்கும் பதில் இல்லையென்றால் உங்களிடம்தான் வருவேன், வேறு வழியில்லை.

காரில் பேசும்போது கையில் காகிதம் இருக்காது, கண்ணாடியும் பெரும்பாலும் பையில்தான் இருக்கும் என்றீர்கள். அதனால் 2 என்றால், “ஆம்”, “இல்லை” என்று பதில் சொல்லும்படி கேள்விகளை மாற்றி எழுதி, முந்தின நாள் மாலையே அனுப்பிவிடுகிறேன். பெரிய எழுத்தில் ஒரே பக்கமாக அச்சிட்டு அவருடைய மேசையில் நீங்கள் வைத்துவிட்டால் நல்லது. படித்தால் படிக்கட்டும். படிக்காவிட்டாலும் பாதகமில்லை, நான் வாசித்துக் காட்டுகிறேன்.

நன்றி ஐயா.

---

குறுஞ்செய்தி, 24 அக்டோபர், சனி, மாலை 4:30

டாக்டர் அம்மா, வணக்கம். கையேடு பற்றி 20 நிமிடம்:
1 – செவ்வாய், லண்டன் பகல் 1:00, தொலைபேசி
2 – வெள்ளி காலை 7:10, காரில், தொலைபேசி
3 – சனி மாலை 5:00, உங்கள் அறையில்
0 – எதுவும் வேண்டாம், செயலாளரிடம் கேட்டுக்கொள்
புதன்கிழமை அனுப்பிய மின்னஞ்சலைத் தேட வேண்டாம். அதில் இருந்ததும் இவ்வளவுதான்.

டாக்டரின் பதில், இரவு 9:52

2

---

நாட்காட்டி அழைப்பு, 24 அக்டோபர், சனி, இரவு 9:58

தலைப்பு: கையேடு, 3 முடிவுகள் (தொலைபேசி, நானே அழைப்பேன்)
நேரம்: 30 அக்டோபர், வெள்ளி, காலை 7:10 முதல் 7:30 வரை, இந்திய நேரம்
குறிப்பு: தயாரிப்பு எதுவும் தேவையில்லை. 7:30க்கு முடிக்கிறேன், பேச்சு பாதியில் இருந்தாலும். மீதி இருந்தால் எழுதிக் கேட்டுக்கொள்கிறேன்.

---

பெறுநர்: தலைமை இதய அறுவை மருத்துவர்
நகல்: செயலாளர்
நாள்: 29 அக்டோபர் 2026, வியாழன், மாலை 5:40
பொருள்: நாளை காலை 7:10, மூன்று கேள்விகள் (ஒரு பக்கம்)

டாக்டர் அம்மா,

நாளை நான் கேட்கப்போவது இவற்றைத்தான். ஒவ்வொன்றிலும் எங்கள் வரைவு என்ன என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றால் “ஆம்”. சரியில்லை என்றால் நீங்கள் சொல்வதை நான் எழுதிக்கொள்கிறேன்.

பக்கம் 18. முதல் பதிப்பில் “கனமான பொருள்களைத் தூக்கக் கூடாது” என்று மட்டும் இருந்தது. கனம் என்றால் எவ்வளவு என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவருக்குத் தண்ணீர்க் குடம் கனம், இன்னொருவருக்குப் பேரக்குழந்தை கனமே இல்லை. நெஞ்செலும்பு கூடிவரும் வரை, அதாவது முதல் 12 வாரம், 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறோம். மதிப்பாய்வு செய்த இருவரில் ஒருவர் இன்னும் குறைக்கச் சொல்கிறார், மற்றவர் 8 வாரம் போதும் என்கிறார். எண் இருக்கட்டுமா? இருந்தால், இதே எண்ணா?

பக்கம் 23. வண்டி ஓட்டுவது. “ஆறு வாரம் கழித்து, மருத்துவரிடம் கேட்ட பிறகே” என்பது வரைவு. இருசக்கர வண்டிக்குத் தனி வாக்கியம் வேண்டுமா? எனக்கு வேண்டும் என்றுதான் படுகிறது. திடீரென்று பிரேக் போடும்போதும் வண்டியைத் தாங்கி நிறுத்தும்போதும் பாரமெல்லாம் கைகளிலும் மார்பிலும்தான் இறங்குகிறது.

பக்கம் 41. இதில்தான் சற்று நேரம் போகும். செயற்கை வால்வு பொருத்தியவர்கள் வார்ஃபரின் சாப்பிடும்போது கீரையை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். கீரையில் இருக்கும் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும் என்று யாரோ சொன்னதில் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். வரைவில் இப்படி எழுதியிருக்கிறோம்: “கீரையை நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுங்கள். சாப்பாட்டு முறையைப் பெரிதாக மாற்றினால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.” இந்த மூன்று வாக்கியமும் உங்கள் பெயரில் போகலாமா?

நேரம் குறைந்துவிட்டால் 41ஐ மட்டும் பார்த்துவிடுவோம். மற்ற இரண்டையும் எழுத்தில் முடித்துக்கொள்ளலாம்.

---

குறுஞ்செய்திகள், 30 அக்டோபர், வெள்ளி

டாக்டர், காலை 6:48: அவசர அறுவை. இப்போது முடியாது. மன்னிக்கவும்.

பதிப்பாசிரியர், 6:49: அம்மா, கவலை வேண்டாம், இதற்குப் பதில் போட வேண்டாம். நாளை சனி மாலை 5:00 இன்னும் உங்களுக்காக இருக்கிறது. முடியும் என்றால் அறுவை முடிந்த பிறகு 3 என்று அனுப்புங்கள்.

பதிப்பாசிரியர், செயலாளருக்கு, 6:55: ஐயா, நீங்கள் விட்டுவைத்த சனிக்கிழமை நேரம் இப்போது தேவைப்படும் போலிருக்கிறது. டாக்டர் அம்மாவிடமிருந்து பதில் வரும் வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க முடியுமா?

செயலாளர், 7:20: வைத்திருக்கிறேன். 5:00க்கு ஒரு நோயாளி வருவதாக இருந்தது, அவரே 4:30க்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். நீங்கள் 5:05க்கு வந்தால் சரியாக இருக்கும்.

டாக்டர், பகல் 1:36: 3. பக்கம் 18 – ஆம். 23 – ஆம், இருசக்கர வண்டிக்குத் தனியாக எழுதுங்கள். 41ஐ நேரில் பேசுவோம், இரண்டாவது வாக்கியம் எனக்குப் போதவில்லை.

பதிப்பாசிரியர், 1:38: நன்றி அம்மா. நாளை மாலை 5:05, உங்கள் அறை. இனி 41 மட்டும்தான், பத்து நிமிடம். நாட்காட்டியில் மாற்றிவிட்டேன்.