எதுகைப் புதிர்: இரண்டாம் எழுத்து ‘ரு’

வாசகர் வட்டத்து நண்பர்களுக்கு, இந்த ஞாயிற்றுக்கிழமைப் புதிர் இதோ. எல்லா விடைகளுக்கும் இரண்டாம் எழுத்து ‘ரு’. அது மட்டும் போதாது. முதல் குறளில் ‘அகர’ என்பதற்குப் ‘பகவன்’ எதுகையாகிறது, ‘பாகற்காய்’ ஆகாது. முதல் எழுத்தும் அளவொத்திருக்க வேண்டும். இங்கே எல்லாம் குறில். போன தடவை ‘பேருந்து’ என்று எழுதிவிட்டுச் சண்டைக்கு வந்தவர்கள் ‘பே’ நெடில் என்பதைக் கவனிக்கவும்.

யாப்பிலக்கணம் வருக்க எதுகைக்கு இடம் கொடுக்கிறது. ‘ரு’வுக்கு ‘ரி’ வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. மெய்யெழுத்தையும் ஒன்றாக எண்ணுங்கள். பத்துக் குறிப்புகளில் ஒன்று போலி: விடை கிடைக்கும், எதுகை கிடைக்காது. அது எது என்று காரணத்தோடு சொன்னால் ஐந்து மதிப்பெண். மற்றவற்றுக்கு ஒவ்வொன்று.

1. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாது. குற்றாலத்தில் ஐந்தாகப் பிரிந்தும் விழும். (3)

2. வேதாளத்துக்குப் பிடித்த மரம். காய் சாம்பாருக்கு, கீரை அடைக்கு. (4)

3. கோயில் வாசல்வரை கூடவே வரும். திரும்பி வரும்போது இருந்தால் நம் அதிர்ஷ்டம். (4)

4. பெயரில் காயம் உண்டு, ரத்தம் வராது. ரசத்துக்குத் துளி போதும். (6)

5. மணப்பாறையில் தின்பதற்கு, மீசையில் திமிருக்கு. (4)

6. அரைக்கும்போது பச்சை, கழுவும்போது சிவப்பு. (4)

7. நீரில் நீந்தியது, வெயிலில் கிடந்தது. பக்கத்து வீட்டில் வறுத்தால் தெரு முழுக்கத் தெரியும். (4)

8. பாட்டியின் இடுப்பில் இருந்த வங்கி. வெற்றிலை பாக்கும் அதற்குள்ளேதான். (6)

9. கரிசலில் விளையும், வெடித்தால் வெள்ளை. இதன் விதையிலிருந்து பால் எடுத்துக் குடிப்பார்கள், மதுரைக்காரர்களைக் கேளுங்கள். (4)

10. சொல்லுக்கும் உண்டு, கடையிலும் கிடைக்கும். ஐந்தாம் குறளில் ‘இருள்’ என்பதற்கு எதுகையாக நிற்பது. (3)

முதல் எட்டும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒன்பதாவது சென்னையிலேயே வளர்ந்தவர்களைக் கொஞ்சம் அலைக்கழிக்கலாம்.

விடைகள் (முயன்ற பிறகு படிக்கவும்):

1. அருவி. 2. முருங்கை. 3. செருப்பு. 4. பெருங்காயம். 5. முறுக்கு. 6. மருதாணி. 7. கருவாடு. 8. சுருக்குப்பை. 9. பருத்தி. 10. பொருள்.

போலி, ஐந்தாவது. முறுக்கில் இருப்பது ‘று’. காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்பதால் ஏமாறுவது எளிது. ‘ர’ இடையினம், ‘ற’ வல்லினம். ஆகவே இன எதுகை என்று வாதாடவும் வழியில்லை. மூன்றாவதற்கு ‘நெருப்பு’ என்று எழுதியவர் யாராவது இருந்தால், எதுகை சரி, எழுத்து எண்ணிக்கையும் சரி, ஆனால் நெருப்பைக் கோயில் வாசலில் விட்டுவிட்டுப் போகிறவரை எனக்கு அறிமுகம் செய்து வையுங்கள்.